அப்பா இறந்த நாளில் உயிரோடிருந்தவர்கள்

ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். காட்டாங்குளத்தூருக்குப் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே மற்றவர்களின் படிவங்களில் பிழை கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் அப்பாவின் வாரிசுச் சான்றிதழுக்கான படிவத்தைத் தவறாக நிரப்பினேன். இரண்டு முறை சரிபார்த்து, திருப்தியோடு நிரப்பினேன்.

என் தம்பி கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றுக் கிறித்தவனானான். மனைவி மிஷன் பள்ளி ஆசிரியை. அப்பா இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை. பேத்தி பிறந்த செய்தி வந்த அன்று, யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அவர்கள் கிழக்குத் தாம்பரத்து வீட்டின் மாடிக்கே குடிவந்துவிட்டார்கள். கீழே அப்பா அம்மா, மேலே தம்பி குடும்பம். அம்மா போனாள். சில வருடம் கழித்துத் தம்பியின் மனைவியும் போனாள். கடைசியில் அந்த வீட்டில் அப்பா, தம்பி, தம்பி மகள் என்று மூன்று பேர். நான் சிட்லப்பாக்கத்தில்.

அப்பா பக்கவாதம் வந்து நான்காம் நாள் இறந்தார். பதினோரு நாள் கழித்துத் தம்பி, அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்த பத்திரிகை மேஜைமேல் இருந்தது. அன்று முதல் உறவில் எல்லோரும் "அப்பனும் புள்ளையும் ஒண்ணாப் போயிட்டாங்க" என்றே சொன்னார்கள். சொல்லிச் சொல்லி எனக்கும் அது ஒரே சாவாகிவிட்டது. என் நாட்குறிப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தும், மனதில் ஒரே பக்கம்தான்.

வீடு அப்பா தன் சம்பளத்தில் வாங்கிய மனையில் கட்டியது. உயில் எழுதவில்லை. சொத்து வரி, மின் இணைப்பு எல்லாம் அவர் பெயரிலேயே இருந்ததால் எதை மாற்றப் போனாலும் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். இ-சேவை மையத்துக்குப் போகும் முன் ஒரு வெள்ளைத் தாளில் பட்டியல் போட்டேன். வாரிசு என்றால் இப்போது இருப்பவர்கள்தானே. ஒன்று, நான், மகள். இரண்டு, தம்பி மகள், இறந்த மகனின் மகள். தம்பியை எங்கேயும் எழுதவில்லை. இறந்தவனை எழுதி என்ன ஆகப்போகிறது? அப்பாவின் இறப்புச் சான்றிதழை மட்டும் இணைத்தேன். தம்பியின் சான்றிதழ் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். மேஜையில் கட்டுக்கட்டாக மனுக்கள், பக்கத்தில் பாதி சாப்பிட்ட தயிர் சாதம். தம்பி மகளையும் அழைத்துப் போயிருந்தேன். அவள் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் இயந்திரப் பாகங்களுக்குக் கணினியில் வரைபடம் போடுகிறாள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அலுவலர் அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பார்த்தார்.

"நீங்க கிறிஸ்டியனா?"

"ஆமா மேடம்."

"அப்பா பொறப்புலயே கிறிஸ்டியனா, மாறினவரா?"

"மாறினவர். கல்யாணத்துக்கு முன்னாடி."

"நீங்க அதுக்கப்புறம் பொறந்தவங்க."

"ஆமா."

அவர் பேனாவை மூடினார். முகத்தில் கடுமை இல்லை. "இது வராதும்மா. தாத்தா இந்து. மதம் மாறினவருக்கு, மாறின பிறகு பொறந்த பிள்ளைங்க இந்து சொந்தக்காரங்க சொத்துக்கு வாரிசாக முடியாது. சட்டத்துல இருபத்தாறாவது பிரிவு. இதே மாதிரி ஒரு ஃபைல் போன வருஷம் எனக்குத் திரும்பி வந்தது, நல்லா ஞாபகம் இருக்கு. மேடம், நீங்க ஒரே வாரிசுன்னு மாத்திக் குடுத்துடுங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்."

இதை எழுதத்தான் வேண்டும். அந்த ஒரு நிமிடம் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விடலாம், மாடியை என் மகனுக்கு, என்று. நானாக நினைக்கவில்லை, அது தானாக ஓடியது. திரும்பிப் பார்த்தேன். தம்பி மகள் தன் ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பப் போட முயன்றுகொண்டிருந்தாள். அது உள்ளே போகவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சொன்னேன்: "கண்ணு, கவலைப்படாதே. என் பேருக்கு வந்தா என்ன, பாதியை உனக்கே எழுதிக் குடுத்துடறேன். நாளைக்கேன்னாலும் சரி."

"வேணாம் அத்தை."

"ஏன்டி?"

"நீங்க குடுத்தா அது நீங்க குடுத்தது. எங்கப்பாவோடதா இருந்தா குடுங்க. இல்லைன்னா மாடியை காலி பண்ணிடறேன். பல்லாவரத்துல எங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தி ரூம் பாத்துக்கினு இருக்கா. நானும் சேந்துக்கறேன்."

"என்ன பேச்சு இது?"

"தாத்தா காரியத்தப்போ எல்லாரும் சொன்னாங்க இல்ல, மதம் மாறினப்பவே எங்கப்பா புள்ளையா இல்லாம போயிட்டார்னு. அதுவே சட்டம்னா எனக்கு அந்த வீடு எதுக்கு?"

எல்லாரும் சொல்லவில்லை. சொன்னது என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஆனால் யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. சுடுகாட்டில் கொள்ளி வைக்க வேண்டிய நேரத்தில் தம்பி என் கணவரைப் பார்த்து, "மாமா, நீங்க செய்யுங்க. நான் செஞ்சா ரெண்டு பக்கமும் பொய்யா ஆயிடும்" என்றான். என் கணவர் மண்பானையைத் தோளில் எடுத்தார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தான். சித்தப்பா அன்றே சொன்னார், "கொள்ளி போடாதவனுக்கு என்ன பங்கு?" என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தபோது சித்தப்பாவே அங்கே வந்தார். எழுபத்தெட்டு வயது. ஏதாவது ஒரு வழி சொல்லாமல் இருக்க முடியாதவர்.

"இதுக்குப் போயி எதுக்கும்மா அலையற? பொண்ணைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. விபூதி பூசி, ஒரு பேரு வை. சர்ட்டிபிகேட் வாங்கிடலாம். இந்துவா மாறிட்டா பாத்தியதை வந்துடுமாமே, சட்டத்துலயே இருக்காம்."

தம்பி மகள் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். "சின்ன தாத்தா, வீட்டுக்காக நான் மாறினா உங்க சாமி என்னைச் சேத்துக்குமா?"

"எங்க சாமி எல்லாரையும் சேத்துக்கும்."

"அப்ப எங்கப்பாவை மட்டும் ஏன் சேத்துக்கலை?"

சித்தப்பா காபியைக் குடித்தார். "சக்கரை கம்மியா கீது" என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி. அவள் சர்க்கரை போடவே இல்லை.

திங்கட்கிழமை மாலை நாங்கள் இருவரும் தாம்பரத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். என்னோடு வேலை செய்பவர் சொன்ன ஆள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டின்மேலும் ஒரு மார்பிள் துண்டு வைத்திருந்தார். நான் என் கோப்பை எடுத்து, தாள்களை வரிசையாக அடுக்கி, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சித்தப்பாவின் யோசனையையும் சொன்னேன்.

"அதை முதல்ல மறந்துடுங்க" என்றார் வக்கீல். "பிள்ளைங்க இந்துவா இருந்தா வரும்கறது உண்மை. ஆனா தாத்தா இறந்த அன்னிக்கு இந்துவா இருந்திருக்கணும். இன்னிக்குப் போய் மாறினா ஒரு பிரயோஜனமும் இல்லை." பிறகு என் விண்ணப்ப நகலை எடுத்துப் படித்தார். "வி.ஏ.ஓ. சொன்னது தப்பில்லை. நீங்க எழுதினதை வெச்சுப் பாத்தா அதான் சட்டம். சரி, உங்க தம்பி எப்ப இறந்தார்?"

"அப்பாவோட தான் சார். ஒண்ணாப் போயிட்டாங்க."

"ஒண்ணான்னா? ஒரே நாளா?"

"இல்ல, பதினோரு நாள்."

"முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. அப்பா முதல்ல."

வக்கீல் தாளைக் கீழே வைத்தார். மார்பிள் துண்டை அதன்மேல் வைத்தார். "மேடம், இதை இந்தப் படிவத்துல எங்க எழுதியிருக்கீங்க?"

எங்கேயும் எழுதவில்லை.

அவர் பொறுமையாகச் சொன்னதை அன்றிரவே எழுதிவைத்தேன். வாரிசு யார் என்பது மனு போடும் நாளில் முடிவாவதில்லை. ஒருவர் இறக்கிற அந்த நிமிடத்தில் முடிவாகிறது. அந்த நிமிடத்தில் உயிரோடு இருந்த பிள்ளைகளுக்குச் சொத்து போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாளில் பெயர் ஏறுவது பிறகு எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்.

"ஆனா அவன் மதம் மாறினவன் சார்" என்றேன். யாரோ பேசுவதுபோல் என் குரல் எனக்கே கேட்டது.

"மாறினா என்ன? மதம் மாறினதால ஒருத்தருக்கு இருக்கிற வாரிசுரிமை போகாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துலயே, ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பதுல சட்டம் வந்தாச்சு. இப்ப இருக்கற இந்து வாரிசுரிமைச் சட்டமும் மாறினவரைத் தள்ளலை. இருபத்தாறாவது பிரிவு மாறினவரைப் பத்தியே பேசலை. மாறின பிறகு பொறந்த பிள்ளைங்களைப் பத்தித்தான் பேசுது. இவங்க அப்பா, அவரோட அப்பாவுக்கு முன்னாடியே இறந்திருந்தா, பேத்தி நேரா தாத்தாகிட்ட வாரிசா நிக்கணும். அப்ப அந்தப் பிரிவு குறுக்கே வரும். இங்க அப்படி இல்லையே. பெரியவர் கண்ணை மூடின உடனே பாதி உங்களுக்கு, பாதி உங்க தம்பிக்கு. பதினோரு நாள் அவர் அந்த வீட்டுக்குப் பாதி சொந்தக்காரர். அப்புறம் அவர் இறந்தார். அவர் கிறிஸ்டியன். அவர் சொத்து அவங்க சட்டப்படி போகும். மனைவி இல்லை, ஒரே பொண்ணு. எல்லாம் இவங்களுக்கு."

தம்பி மகள் கேட்டாள்: "சார், அப்ப எங்கப்பா தாத்தாவுக்கு வாரிசா?"

"பின்னே? புள்ளைம்மா அவர்."

"கொள்ளி போடலைன்னு சொல்றாங்க."

"கொள்ளிக்கும் பாத்தியதைக்கும் சட்டத்துல எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தா மின்மயானத்துல பட்டனை அழுத்தறவருக்கு ஊர்ல பாதி சொத்து வந்திருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். தம்பி இறந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

பழைய மனுவைத் திரும்பப் பெற்று, புதிதாக இரண்டு மனு போடச் சொன்னார் வக்கீல். அப்பாவுக்கு ஒன்று. அதில் வாரிசுகள் மகனும் மகளும். மகன் பின்னர் இறந்த தேதியும் அவன் இறப்புச் சான்றிதழும் அதோடு. தம்பிக்கு இன்னொன்று. அதில் அவன் மகள் மட்டும். இரண்டையும் ஒன்றில் கலக்க வேண்டாம் என்றார்.

இந்த முறை கிராம நிர்வாக அலுவலர் இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், இதை முதல் மனுவிலேயே சொல்லியிருந்தா நான் அந்தப் பேச்சே பேசியிருக்க மாட்டேன்."

"என் தப்புதான்."

"நான் கேக்காததும் தப்புதான். இறந்த மகன்னு எழுதியிருந்ததைப் பாத்ததும் பெரியவருக்கு முன்னாடியே போயிட்டாருன்னு நானா எடுத்துக்கிட்டேன்." தம்பி மகளிடம் திரும்பி, "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். பிறகு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரை விசாரிக்க வேண்டும் என்றார்.

எதிர்வீட்டு அக்கா வந்தாள். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பாத்திரம் விற்பவள். மனதில் பட்டதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்பவள். அலுவலர் கேட்டார்: "பெரியவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு. இந்தம்மா ஒண்ணு, அந்தத் தம்பி ஒண்ணு."

"அவர் மதம் மாறினவராமே?"

"மாறினா? பீ மூத்திரம் அள்ளினது யாரு? நாலு நாளு ஆஸ்பத்திரில கால்மாட்டுல உக்காந்துகினு இருந்தது யாரு? இன்னா மேடம் கேள்வி இது? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா அப்பனுக்குப் புள்ளை இல்லாம பூடுமா?"

அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதில்லைக்கா. யார் முதல்ல இறந்தது, அதை மட்டும் சொல்லுங்க."

"பெரியவருதான். ஐஸ் பொட்டிக்கு அந்தத் தம்பிதானே போன் பண்ணிச்சு. எங்க வூட்டுலேர்ந்துதான் பொட்டிக்கு கரண்டு ஒயரு இழுத்தாங்க. அவங்க வூட்டு ப்ளக்கு சரியில்லை. மனுசன் செத்துட்டு வந்து ஐஸ் பொட்டிக்கா போன் பண்ணுவான்?"

அதை எப்படி எழுதுவது என்று அலுவலர் கொஞ்சம் யோசித்தார். "தந்தை இறந்தபோது மகன் உயிருடன் இருந்தார் எனச் சாட்சி தெரிவித்தார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அக்கா கையெழுத்துப் போடும்போது, "இதுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றாள்.

அப்பாவின் சான்றிதழ் வந்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். தம்பி மகள்தான் தன் கைப்பேசியில் இறக்கி எனக்கு அனுப்பினாள். மாலையில் நேரே கிழக்குத் தாம்பரம் போனேன். அவள் அதை அச்சடித்து வைத்திருந்தாள். பட்டியலில் இரண்டு பெயர். தம்பியின் பெயர், ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்தான். அரசுப் பதிவிலும் அந்தப் பெயருக்கே மாற்றியிருந்தான். அதற்கு எதிரே உறவுமுறை என்ற கட்டத்தில் மகன். குறிப்பில், பின்னர் காலமானார் என்றும் தேதியும்.

அவள் அந்தக் கட்டத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள், மை ஒட்டுகிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு தாளை மடிக்காமல் ஒரு கோப்பில் வைத்தாள். "அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"வி.ஏ.ஓ. மேடம் முதல்ல சொன்னப்போ, முழு வீடும் உங்களுக்குத்தான்னு. ஒரு நிமிஷமாவது ஆசையா இருந்துச்சா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். "இருந்துச்சு" என்றேன். "ஒரு நிமிஷம்."

"நினைச்சேன். நீங்க சுவரைப் பாத்துட்டு இருந்தீங்க."

"கோவமா?"

"இல்லை. உங்களுக்கு ஆசை இருந்தும் என்னை வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களே." பிறகு எழுந்து போய், "டீ போடறேன், சக்கரை போட்டு" என்றாள்.

அடுத்த மாதம் தம்பியின் சான்றிதழும் வந்தது. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதற்கு முன் வீட்டை அளக்க வேண்டியிருந்தது. சர்வேயரை வைக்கலாம் என்றேன். அதற்கு முன் நானே ஒரு வரைபடம் போடுகிறேன் என்று அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டாள். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள் பிடித்தாள். சித்தப்பாவும் வந்திருந்தார். பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவராகவே முன்வந்திருந்தார். கொள்ளி விஷயத்தை அவர் திரும்ப எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "நாடாவைத் தொங்க விடாதீங்க, அரை அங்குலம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தரைத்தளம் எனக்கு, மாடி அவளுக்கு, நிலத்தில் ஆளுக்குப் பாதி என்று பேசியாயிற்று. கிணறு பொது. மோட்டார் பொது. மாடிப்படியில்தான் தடங்கல் வந்தது. படி என் பாகத்தில் தொடங்கி அவள் பாகத்தில் முடிகிறது.

"முதல் அஞ்சு படி உங்களுது, மீதி என்னுதுன்னு போட்டுடலாமா?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அப்ப நீ கீழே வர என் அனுமதி வேணும்" என்றேன்.

"நீங்க துணி காயப்போட மேலே வர என் அனுமதி வேணும்."

"பொதுன்னு போடுங்கடி ரெண்டு பேரும்" என்று சித்தப்பா கத்தினார். "படிக்கு எதுக்குப் பாகம்?"

அவள் தன் வரைபடத்தில் மாடிப்படியைச் சாய்கோடு போட்டு நிரப்பி, பக்கத்தில் பொது வழி என்று எழுதினாள். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து அகலம் மூன்றடி இரண்டங்குலம் வந்தது. நான் அதை இன்னொரு முறை அளக்கச் சொன்னேன்.